எட்டாம் நாள் காய்ச்சல்

மருந்து நரம்பில் ஏறிய அன்று எந்தத் தொல்லையும் இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் இல்லை. நோயாளி தேறி வீடு திரும்புகிறார். ஒரு வாரம் கழிந்தபின் காய்ச்சல், மூட்டு வீக்கம், அரிப்போடு கூடிய தடிப்பு என மூன்றும் சேர்ந்து வருகின்றன. இவற்றுக்கும் அந்தப் பழைய மருந்துக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு வினையும் அதன் விளைவும் அடுத்தடுத்து நிகழ்ந்தால் இரண்டையும் இணைத்துப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். இடையில் ஏழெட்டு நாள் அமைதி வந்துவிட்டால் இணைப்பு அறுந்துபோகிறது. சீரம் நோயை வகுப்பறையில் மூன்றாம் வகை மிகையுணர்வுக்கு எடுத்துக்காட்டாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்த ஏழெட்டு நாளில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், சென்ற ஆண்டு என் சின்னம்மாவின் உடல்நிலையைத் தொலைபேசி வழியே நாள்நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது உண்டாயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் மாலை வேலையின்போது அவரைக் கணுக்காலில் பாம்பு கடித்தது. அடித்துக் கொண்டுவந்த பாம்பு கண்ணாடி விரியன். மருத்துவமனையில் சோதனைக் குழாயில் எடுத்து வைத்த இரத்தம் இருபது நிமிடம் கழித்தும் உறையவில்லை. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றினார்கள். ஆறு மணி நேரத்திற்குப் பிறகு செய்த சோதனையில் இரத்தம் உறைந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வுக்காக அவர் மலையேறி ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்தார். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மலைப்பாதை தெருவைக் கடப்பது போலத்தான். காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்குபவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் மருத்துவமனைக் காகிதங்கள் கீழே வீட்டுப் பெட்டியிலேயே இருந்துவிட்டன.

கடித்த நாளிலிருந்து எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. முதலில் தொடையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்புகள். மறுநாள் இரு மணிக்கட்டுகளும் முழங்கால்களும் வீங்கிவிட்டன. தொடை இடுக்கில் நெறி கட்டியது. அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் காய்ச்சலையும் மூட்டு வலியையும் பார்த்துச் சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்றார்கள். மழைக்காலத்து இடுக்கி மலையில் அது நியாயமான ஐயமே. வீட்டில் பேச்சு வேறாக இருந்தது. "விஷம் முழுசா இறங்கல, அடியில தங்கிருக்கு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். விஷ வைத்தியரிடம் கூட்டிப் போகலாமா என்ற யோசனையும் எழுந்தது. மகள் என்னை அழைத்தபோது, "கடிச்சு எத்தனை நாளாச்சு, மருந்து ஏத்துனது என்னைக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன். விடை எட்டு நாள். அந்த எண்ணுக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம் என்பதைச் சொல்லத்தான் இப்பதிவு.

விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து உற்பத்தியாளர்களுக்குத் தருகிறது. அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் நஞ்சுக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. குதிரையின் இரத்த நீரிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பதே மருந்து. எதிர்ப்பொருள் ஒய் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இருக்கும். நஞ்சைப் பற்றும் இரு கைகளை வைத்துக்கொண்டு, அடியிலுள்ள வாலைப் பெப்சின் நொதியால் வெட்டிவிடுகிறார்கள். ஆயினும் எஞ்சுவது குதிரைப் புரதம். பத்துக் குப்பி என்றால் ஏறக்குறைய 100 மில்லி லிட்டர். அதில் கிராம் கணக்கில் அன்னியப் புரதம் ஒரே நாளில் மனித இரத்தத்தில் கலக்கிறது. ஒரு தடுப்பூசியில் மைக்ரோகிராம் கணக்கில் ஆன்டிஜென் இருப்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருக்கம் விளங்கும். சின்னம்மாவின் உயிரைக் காத்தது இந்தப் புரதம்தான். எட்டாம் நாள் காய்ச்சலுக்குப் பொருளாக இருந்ததும் இதுவே.

இந்த நாள்கணக்கை முதலில் கூர்ந்து கவனித்தவர்கள் வியன்னாவின் இரு குழந்தை மருத்துவர்கள்: கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, பேலா ஷிக். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. அதே குழந்தைக்குப் பின்னொரு நாள் மறுபடி சீரம் செலுத்தினால் இந்த இடைவெளி சுருங்கிவிட்டது. சில வேளை அன்றைக்கே அறிகுறிகள் தோன்றின. 1905இல் அவர்கள் வெளியிட்ட சீரம் நோய் பற்றிய நூலின் மையம் இந்த வேறுபாடே. சீரத்தில் நச்சுப்பொருள் இருந்து அது மெல்ல வேலை செய்கிறது என்றால் முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒரே அளவு காலம் பிடிக்க வேண்டும். காலம் சுருங்குகிறது என்றால் மாறியிருப்பது சீரம் அன்று, குழந்தையின் உடல். இடைவெளி என்பது உடல் தன் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ள எடுக்கும் காலம். நோய் அந்த எதிர்ப்பொருளும் சீரமும் சந்திப்பதால் பிறக்கிறது. நம்மைக் காக்கும் பொருளே நோய்க்கும் காரணமாகலாம் என்ற கருத்து அன்றைய மருத்துவத்துக்குப் புதிது. அடுத்த ஆண்டில் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்ததும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகவே.

இங்கே ஒரு நுட்பம் விடுபட்டுப் போவதுண்டு. எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம் ஆகும் என்பது மட்டும் முழு விடையாகாது. எதிர்ப்பொருள் தோன்றும் வேளையில் குதிரைப் புரதம் இன்னும் இரத்தத்தில் இருக்க வேண்டும். ஆகவே இரு கோடுகளை மனத்தில் வரைந்துகொள்ளலாம். ஒன்று இறங்குகோடு: குதிரைப் புரதத்தின் அளவு. எளிமைக்காக அது மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் நூறு பங்கு என்றால் மூன்று நாள் கழித்து ஐம்பது, ஆறு நாள் கழித்து இருபத்தைந்து, ஒன்பது நாள் கழித்துப் பன்னிரண்டரை. மற்றொன்று ஏறுகோடு: நோயாளியின் எதிர்ப்பொருள். குதிரைப் புரதத்தை அடையாளம் காணும் பி செல்கள் உடலில் மிகச் சிலவே. அவை தேர்ந்தெடுக்கப்பட்டு, பிளந்து பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களாக முதிர வேண்டும். முதல் ஐந்தாறு நாள் அக்கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். அதன்பின் செங்குத்தாக எழும். ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும். நோய் அந்த வெட்டுப்புள்ளியை ஒட்டியே நிகழ்கிறது.

ஏன் அங்கே? எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள். ஆன்டிஜென் ஒவ்வொன்றிலும் பற்றிக்கொள்ளப் பல இடங்கள். ஆன்டிஜென் மிகுந்தும் எதிர்ப்பொருள் குறைந்தும் இருக்கும்போது, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் இரண்டு ஆன்டிஜென்களைப் பிடித்துக்கொண்டு தனியே மிதக்கும். அவை மிகச் சிறிய கூட்டுத்திரள்கள். பெரிதாக யாதொன்றும் செய்வதில்லை. எதிர்ப்பொருள் நிறையச் சேர்ந்தபின் திரள்கள் பெரிதாகி, ஒவ்வொன்றிலும் எதிர்ப்பொருளின் வால்கள் அடர்ந்து நிற்கும். அவ்வால்களைப் பற்றிக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் எளிதில் அகற்றிவிடும். இடைநிலையில், ஆன்டிஜென் சற்றே மிகுந்திருக்கும் குறுகிய காலத்தில் உருவாகும் நடுத்தரத் திரள்களே தொல்லை தருபவை. விழுங்கு செல்கள் உடனே பிடிக்கும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து வினையைத் தொடங்க முடியாத அளவுக்குச் சிறியவையும் அல்ல. வழக்கமாகச் சிவப்பணுக்கள் இத்தகைய திரள்களைத் தம் மேற்பரப்பில் ஏற்றிக் கல்லீரலுக்குக் கொண்டுபோய் இறக்குகின்றன. கிராம் கணக்கில் புரதம் இருக்கையில் அந்தச் சுமைகூலி வேலை தாங்காமல் போகிறது.

இது வெறும் படத்தில் வரைந்த கணக்கன்று என்பதை 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் ஃபிராங்க் டிக்சனின் குழுவினர் முயல்களில் காட்டினர். கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட மாட்டு ஆல்புமினை ஒரே முறை பெரிய அளவில் செலுத்தி, இரத்தத்தில் அதன் அளவை நாள்தோறும் அளந்தார்கள். முதலில் அது இரத்தத்துக்கும் திசுக்களுக்கும் இடையே பரவுவதால் விரைந்த இறக்கம். அடுத்துப் பல நாள்களுக்கு மெதுவான, சீரான இறக்கம். பின்பு திடீரென்று செங்குத்தான வீழ்ச்சி. இந்த மூன்றாம் கட்டத்தில்தான் முயலின் புது எதிர்ப்பொருள் ஆல்புமினைப் பிணைத்து வெளியேற்றுகிறது. அதே நாள்களில் இரத்தத்தில் கூட்டுத்திரள்கள் தென்பட்டன, காம்ப்ளிமென்ட் எனப்படும் நிரப்புப் புரதங்களின் அளவு சரிந்தது, சிறுநீரகத்திலும் தமனிச் சுவரிலும் இதயத்திலும் மூட்டிலும் அழற்சி தோன்றியது. ஆல்புமின் முற்றிலும் நீங்கிய பிறகே எதிர்ப்பொருள் தனித்த நிலையில் இரத்தத்தில் காணப்பட்டது. அப்போது காயங்கள் ஆறத் தொடங்கியிருந்தன. எதிர்ப்பொருளின் அளவு உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் நோய் வடிந்துகொண்டிருக்கிறது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. நோய்க்கு வேண்டியது இரண்டும் சேர்ந்து இருப்பது. ஒன்றின் மிகுதி மட்டும் போதாது.

மனிதரிலும் இதே வரிசை பதிவாகியிருக்கிறது. எலும்பு மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளுக்குக் குதிரையிலிருந்து பெற்ற எதிர்ப்புச் சீரம் கொடுக்கையில், தாமஸ் லாலியும் உடனாய்வாளர்களும் தினமும் இரத்தம் எடுத்துக் கண்காணித்து 1984இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையாக மதிக்கப்படுகிறது. கூட்டுத்திரள்கள் ஏறுவதும் சி3, சி4 என்ற நிரப்புப் புரதங்கள் இறங்குவதும் அறிகுறிகள் வரும் நாள்களோடு பொருந்தின. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் முடிந்து மேல்தோல் தொடங்கும் விளிம்பில், கை கால் விரல்களின் ஓரமாக, வளைந்து செல்லும் ஒரு சிவப்புப் பட்டையை அவர்கள் விவரித்திருந்தார்கள். சின்னம்மாவின் பாதங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னபோது, இடது பாதத்தின் உட்புற ஓரத்தில் அத்தகைய ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. கறுத்த பட்டையாகத்தான் தோன்றியது. பாடப்புத்தகத்துப் படங்களை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தவறவிடக்கூடும்.

திரள் படிந்த பிறகு திசு எவ்வாறு சேதமடைகிறது? நோயாளி உருவாக்கிய எதிர்ப்பொருள்களுக்கு வால் வெட்டப்படவில்லை. நிரப்புப் புரதங்கள் அவ்வால்களில் வந்து ஒட்டி ஒன்றையொன்று தூண்டுகின்றன. அவற்றிலிருந்து சிதறும் துண்டுகள் குழாய்ச் சுவரை இளகச் செய்து, நியூட்ரோஃபில்களை அழைக்கின்றன. நியூட்ரோஃபில் ஒரு நுண்ணுயிரை விழுங்குவதுபோல் அந்தத் திரளை விழுங்க முயல்கிறது. திரளோ சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விழுங்க முடியாததன் மீது நியூட்ரோஃபில் தன் நொதிகளை வெளியே கொட்டுகிறது. அது குழாய்ச் சுவரையே அரிக்கிறது. முயல்களில் நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே நீக்கிவிட்டால் தமனி அழற்சி தடுக்கப்பட்டது. அதே முறையால் சிறுநீரகச் சேதத்தைத் தடுக்க முடியவில்லை. அங்கே வேறு வழிகளும் உண்டு. மூட்டுச் சவ்விலும் சிறுநீரக வடிமுடிச்சிலும் இரத்தம் அழுத்தத்தோடு வடிகட்டப்படுவதால் திரள்கள் அங்கே அதிகம் தங்குகின்றன. எனவேதான் கணுக்காலில் கடி, மணிக்கட்டில் வீக்கம். கடித்த இடத்துக்கும் நோவுற்ற இடத்துக்கும் தொடர்பில்லாமல் போவதற்கு விளக்கம் இதுவே. அடியில் தங்கிய விஷம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

இனிச் சிகிச்சையளிப்பவரின் சிக்கல். எட்டாம் நாள் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்பும் சிக்குன்குனியாவிலும் டெங்குவிலும் வரும். சின்னம்மாவுக்கு டெங்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. தட்டணுக்கள் இயல்பாக இருந்தன. தடிப்புகள் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழுந்தன. சிறுநீரில் சிறிதளவு புரதம் இருந்தது. பெரிய மருத்துவமனையில் பார்த்தபோது சி3 குறைந்திருந்தது. இவை ஒருசேரச் சீரம் நோயைச் சுட்டின. ஆனால் சிறுநீர்ப் புரதம் மட்டும் இரு பொருள் தரும் சான்று: கண்ணாடி விரியனின் நஞ்சே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. கடித்த முதல் சில நாளில் சிறுநீர் குறைந்து கிரியாட்டினின் ஏறியிருந்தால் அது நஞ்சின் வேலை என்று கருத இடமுண்டு. முதல் வாரத்தில் சரியாக இருந்து இரண்டாம் வாரத்தில் காய்ச்சலோடும் மூட்டு வீக்கத்தோடும் புரதம் தோன்றினால் திரள்களை ஐயுற வேண்டும். பழைய சீட்டு கையில் இல்லையென்றால் இந்த வேறுபாட்டைச் செய்யவே முடியாது. மகளின் கணவர் கம்பத்துக்குப் போய்ச் சீட்டை எடுத்து வந்த பிறகே மருத்துவர் உறுதியாகப் பேசினார்.

சிகிச்சை எளிமையானது. முதலில் குளோர்பெனிரமின் மாத்திரை. இரண்டு நாளில் குறையாததால், உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் உள்ளவாறு பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் ஆறு மணிக்கு ஒருமுறை ஐந்து நாள். காய்ச்சல் மறுநாளே விட்டது. மூட்டு வீக்கம் ஒரு வாரத்தில் வற்றியது. ஆறு வாரத்தில் சி3 பழைய அளவுக்குத் திரும்பியது. குதிரைப் புரதம் தீர்ந்துவிட்டால் திரள்கள் உருவாக வழியில்லை என்பதால் பெரும்பாலோருக்கு நோய் தானே அடங்கும். மருந்து அதன் துன்பத்தைக் குறைக்கிறது.

பலர் கேட்கும் கேள்வி ஒன்று: மருந்து ஏற்றுவதற்கு முன் தோலில் சிறிதளவு செலுத்திப் பார்த்து இதை முன்னறிய முடியாதா? முடியாது. அந்தச் சோதனை ஏற்கெனவே உடலில் இருக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. சீரம் நோய்க்குக் காரணமாகப் போகும் எதிர்ப்பொருள் அன்றைக்கு இன்னும் பிறக்கவே இல்லை. விஷமுறிவு மருந்துக்கு முதல் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரும் மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும்கூட அது நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை என்பதால், அச்சோதனை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்த உடனடி எதிர்வினை வேறு, இது வேறு. முதல் நாளை அமைதியாகக் கடந்தவருக்கும் எட்டாம் நாள் இது வரலாம்.

ஏலமலைக்கே உரிய ஒரு செய்தியையும் சேர்க்க வேண்டும். தோட்டங்களில் மூக்கு மேடிட்ட சிறிய குழிவிரியன் உண்டு. மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. அதன் கடி இரத்த உறைவைக் கெடுக்கவும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவும் கூடும் என்பதைக் கேரளத்து மருத்துவர்கள் 2007இல் உறுதிசெய்து வெளியிட்டார்கள். நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கும் நம் மருந்து இதன் நஞ்சை முறிப்பதில்லை. பலர் இதைக் கண்ணாடி விரியன் குட்டி என்றோ சுருட்டை விரியன் என்றோ கருதிவிடுகிறார்கள். இரத்தமும் உறையாதிருந்தால் குப்பி குப்பியாக மருந்து ஏறுகிறது. அப்போது நோயாளிக்குக் குதிரைப் புரதத்தின் சுமை மட்டும் மிஞ்சுகிறது, பயன் இல்லை. கண்ணாடி விரியன் கடியில் எட்டாம் நாள் காய்ச்சல் உயிருக்குக் கொடுத்த சிறு விலை. குழிவிரியன் கடியில் அது வீண் செலவு. பாம்பைப் படமெடுக்க முடிந்தால், அதுவும் அருகே செல்லாமல் முடிந்தால், எடுத்துக் காட்டச் சொல்வது இதற்காகவே.

சின்னம்மாவின் உடலில் இப்போது குதிரைப் புரதத்தை நினைவில் வைத்திருக்கும் செல்கள் இருக்கின்றன. மறுபடி எப்போதாவது விஷமுறிவு மருந்து ஏற்ற நேர்ந்தால் ஏறுகோடு ஐந்தாறு நாள் காத்திராது. நோய் முன்னதாகவே வரலாம். அப்படியும் உயிர்காக்கும் தேவை இருந்தால் மருந்தை மறுக்கக் கூடாது. கண்காணிப்பைக் கூட்ட வேண்டும். ஆகவே ஒரு அட்டையில் மருந்து ஏற்றிய தேதி, குப்பிகளின் எண்ணிக்கை, சீரம் நோய் தொடங்கிய நாள் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். விஷமுறிவு மருந்து பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும் இரண்டு வரி இருந்தால் போதும் என்பது என் வேண்டுகோள்: ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை காய்ச்சலோ மூட்டு வீக்கமோ அரிப்புத் தடிப்போ வந்தால், எந்த ஊரில் இருந்தாலும், இந்தச் சீட்டைக் காட்டுங்கள். மருத்துவம் படிக்கும் நண்பர்கள் தம் பிரிவில் இதை எழுதும் பழக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் மகிழ்வேன்.